எப்சிலான் முதலில், டெல்டா அடுத்து, x கடைசியில்

sin(π/x) என்ற சார்பை எடுத்துக்கொள்வோம். x பூஜ்யத்தை நெருங்கும்போது இந்தச் சார்பின் மதிப்பு எதை நெருங்குகிறது? பள்ளியில் பழகிய வழி அட்டவணை போட்டுப் பார்ப்பது. x = 0.1 என்று வைத்தால் sin(10π) கிடைக்கிறது. அதன் மதிப்பு 0. x = 0.01 என்றால் sin(100π), அதுவும் 0. x = 0.001 என்றால் sin(1000π), மறுபடியும் 0. எத்தனை வரி நீட்டினாலும் பூஜ்யம்தான் வரும். அதனால் எல்லை 0 என்று எழுதிவிடத் தோன்றும்.

அந்த விடை தவறு. அதே சார்பில் x = 2/41 என்று வைத்துப் பாருங்கள். sin(41π/2) வருகிறது. அது sin(20π + π/2)-க்குச் சமம். அதன் மதிப்பு 1. x = 2/401 என்றாலும் 1. x = 2/4001 என்றாலும் 1. இந்த எண்களும் பூஜ்யத்தை நோக்கித்தான் போகின்றன. இந்த அட்டவணையை மட்டும் பார்த்தவர் எல்லை 1 என்று எழுதியிருப்பார்.

இரண்டு அட்டவணைகளிலும் கணக்குப் பிழை ஒன்றும் இல்லை. நாமே தேர்ந்தெடுத்த சில புள்ளிகளை மட்டும் பார்த்துவிட்டு, பார்க்காத புள்ளிகளுக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதினோம். 'நெருங்குகிறது' என்ற சொல் எந்தப் புள்ளிகள் வழியாக, எவ்வளவு நெருக்கமாக என்று எதையும் சொல்வதில்லை. கல்லூரி முதலாண்டு நுண்கணித வகுப்பில் எப்சிலான், டெல்டா என்ற இரண்டு கிரேக்க எழுத்துகளுடன் வரும் வரையறை இந்த இடைவெளியை அடைக்கவே வந்தது. மாணவர்கள் பலர் அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்துபோகிறார்கள். ஆனால் அதன் உள்ளே இருக்கும் கருத்து ஒன்றுதான்: யார் முதலில் பேசுகிறார், யார் அடுத்துப் பேசுகிறார் என்ற வரிசை.

பாதிரியார் கேட்ட கேள்வி

நியூட்டனும் லைப்னிட்சும் 17-ஆம் நூற்றாண்டில் நுண்கணிதத்தை உருவாக்கினார்கள். கோள்களின் பாதை, வளைகோடுகளின் சாய்வு, பரப்பு என்று அது தொட்ட கணக்கெல்லாம் சரியாக வந்தது. ஏன் சரியாக வருகிறது என்பதற்கு மட்டும் தெளிவான பதில் இல்லை. 1734-இல் அயர்லாந்தின் பிஷப் ஜார்ஜ் பெர்க்லி 'தி அனலிஸ்ட்' என்ற நூலில் அந்த இடத்தில் கை வைத்தார்.

அவருடைய ஆட்சேபத்தை x² என்ற சார்பில் பார்க்கலாம். x = 3 என்ற இடத்தில் அதன் வகைக்கெழு வேண்டும். 3-க்குப் பக்கத்தில் 3 + h என்ற எண்ணை எடுத்து, மதிப்பு எவ்வளவு மாறியது என்று கண்டு, அதை h-ஆல் வகுக்கிறோம்.

((3 + h)² − 9)/h = (6h + h²)/h = 6 + h

இப்போது h-ஐப் பூஜ்யமாக்கினால் 6 கிடைக்கிறது. விடை சரி. ஆனால் வகுத்தபோது h பூஜ்யமல்ல என்று வைத்துக்கொண்டோம். இல்லாவிட்டால் வகுக்கவே முடியாது. வகுத்து முடித்ததும் அதே h-ஐப் பூஜ்யம் என்கிறோம். ஒரே கணக்கில் ஒரே எண் பூஜ்யமாகவும் பூஜ்யமல்லாததாகவும் எப்படி இருக்கும் என்பதுதான் பெர்க்லியின் கேள்வி. நியாயமான கேள்வி. அதற்கு முழுமையான பதில் வர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

1817-இல் பிராகு நகரில் போல்சானோ, தொடர்ச்சி என்பதற்கு இன்றைய பொருளுக்கு மிக நெருக்கமான விளக்கத்தைக் கொடுத்தார். 1821-இல் பாரிஸில் கோஷி வெளியிட்ட பாடநூல், எல்லை என்ற கருத்தின் மேல் நுண்கணிதத்தைக் கட்டியது. அதில் எல்லைக்கான விளக்கம் சொற்களில்தான் இருந்தது. 1823-இல் வந்த அவருடைய அடுத்த நூலில் ஒரு நிரூபணத்துக்குள் ε, δ என்ற எழுத்துகள் வருகின்றன. பள்ளி ஆசிரியராகப் பல ஆண்டுகள் இருந்துவிட்டுப் பிறகு பெர்லினில் பேராசிரியரான வயர்ஸ்ட்ராஸ், 1860-களில் தம் வகுப்புகளில் அந்த எழுத்துகளை வரையறைக்குள்ளேயே வைத்துக் கற்பித்தார். அவருடைய மாணவர்கள் எடுத்த குறிப்புகள் வழியாக அது பரவியது. இன்று நம் பாடநூல்களில் இருப்பது அந்த வடிவம்தான்.

வரையறை என்ன சொல்கிறது

x ஆனது a-ஐ நெருங்கும்போது f(x)-இன் எல்லை L என்று சொல்வதற்குப் பொருள் இது:

ஒவ்வொரு ε > 0 என்ற எண்ணுக்கும் ஒரு δ > 0 உண்டு; 0 < |x − a| < δ என்று இருக்கும் எல்லா x-க்கும் |f(x) − L| < ε என்று அமையும்.

|x − a| என்பது x-க்கும் a-க்கும் இடையிலான தூரம். |f(x) − L| என்பது கிடைத்த மதிப்புக்கும் நாம் சொல்லும் எல்லைக்கும் உள்ள தூரம். இவ்வளவுதான் குறியீடு. 'நெருங்குகிறது', 'போய்ச் சேர்கிறது' போன்ற நகர்வைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட இதில் இல்லை. எதுவும் நகரவில்லை, தூரங்கள் மட்டும் ஒப்பிடப்படுகின்றன.

ஒரு தகடு வெட்டும் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளருக்கு 9 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள சதுரத் தகடு வேண்டும். பட்டறைக்காரர் பக்கத்தை 3 சென்டிமீட்டராக வைத்து வெட்டுகிறார். எந்த எந்திரமும் மிகச் சரியாக 3 என்று வெட்டாது. அதனால் வாடிக்கையாளர் முன்கூட்டியே சொல்கிறார்: "பரப்பு 9-இலிருந்து 0.1-க்குக் குறைவாக விலகலாம். அதற்கு மேல் கூடாது." பட்டறையில் டாலரன்ஸ் என்று சொல்வது இதைத்தான். வாடிக்கையாளர் சொன்ன 0.1 தான் ε. அதைக் கேட்ட பிறகு பட்டறைக்காரர் தம் எந்திரத்துக்கு ஓர் அளவு வைக்கிறார்: "பக்கம் 3-இலிருந்து இவ்வளவுக்குள் விலகினால் போதும்." அதுதான் δ. அந்த அளவுக்குள் வெட்டப்படும் ஒவ்வொரு தகடும் தேற வேண்டும். ஒன்றுகூடத் தவறக் கூடாது. அந்தத் தகடுகளின் பக்க அளவுதான் x.

வாடிக்கையாளர் நாளை 0.001 என்று இறுக்கிச் சொல்லலாம். மறுநாள் இன்னும் இறுக்கலாம். எந்த அளவு சொன்னாலும் பட்டறைக்காரரிடம் பதில் இருக்குமானால், பக்கம் 3-ஐ நெருங்கும்போது பரப்பின் எல்லை 9.

கணக்கைச் செய்து பார்ப்போம்

வாடிக்கையாளர் எந்த ε சொன்னாலும் δ கொடுக்கும் ஒரு விதி நமக்கு வேண்டும். முதலில் பரப்பின் விலகலைக் காரணிகளாகப் பிரிக்கலாம்.

|x² − 9| = |x − 3| · |x + 3|

இதில் |x − 3| நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதைத்தான் δ-க்குள் அடக்கப் போகிறோம். சிக்கல் |x + 3| என்ற மற்றக் காரணியில். அது x-ஐப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும்.

இந்த இடத்தில் மாணவர்கள் அடிக்கடி செய்வது, δ = ε/|x + 3| என்று எழுதுவது. இயற்கணிதப்படி பார்த்தால் எல்லாம் அழகாகச் சரிவரும். ஆனாலும் அது செல்லாது. δ-வை முடிவு செய்யும் நேரத்தில் x என்ற எண் இன்னும் வரவே இல்லை. எந்திரத்தில் அளவு வைத்த பிறகுதான் தகடு வெட்டப்படுகிறது. வெட்டப் போகும் தகட்டின் நீளத்தைப் பார்த்து அளவு வைக்க முடியாது. δ-வுக்கான விதியில் ε வரலாம், a வரலாம். X வரக் கூடாது. உங்கள் விடை சரியா என்று பார்க்க இதுதான் முதல் சோதனை.

அப்படியானால் |x + 3|-ஐ எப்படி அடக்குவது? x-ஐ முதலில் 3-இலிருந்து 1-க்குள் இருக்கச் செய்வோம். அப்போது x ஆனது 2-க்கும் 4-க்கும் இடையில் இருக்கும். x + 3 ஆனது 7-ஐ எட்டாது. ஆகவே |x² − 9| ஆனது 7 · |x − 3| என்பதைத் தாண்டாது. அது ε-வுக்குள் இருக்க வேண்டுமானால் |x − 3| ஆனது ε/7-ஐவிடக் குறைவாக இருந்தால் போதும். இப்போது நம்மிடம் இரண்டு நிபந்தனைகள்: 1-க்குள் இருக்க வேண்டும், ε/7-க்குள்ளும் இருக்க வேண்டும். இரண்டில் சிறியதை எடுத்துக்கொள்கிறோம்.

δ = min(1, ε/7)

வாடிக்கையாளர் 0.1 என்றால் ε/7 ஏறத்தாழ 0.0143. எந்திரத்தில் 0.014 என்று வைப்போம். பக்கம் 3.014 வரை போனால் பரப்பு 9.084196; 2.986 வரை இறங்கினால் 8.916196. இரண்டும் 9-இலிருந்து 0.1-க்குள்தான் இருக்கின்றன. 0.001 என்று இறுக்கினால் 0.00014 என்று வைக்கலாம், 3.00014-இன் வர்க்கம் ஏறத்தாழ 9.00084. அதுவும் தேறுகிறது.

அந்த min எதற்கு, ε/7 மட்டும் போதாதா என்று வகுப்பில் கேட்பார்கள். யாராவது ε = 14 என்று தாராளமாகச் சொன்னால் என்ன ஆகும் என்று பாருங்கள். ε/7 என்பது 2. அதையே δ-வாக வைத்தால் x = 4.9 உள்ளே வந்துவிடும். அதன் வர்க்கம் 24.01; விலகல் 15.01. 14-ஐத் தாண்டிவிட்டது. 7 என்ற எண்ணே x ஆனது 4-ஐத் தாண்டாது என்ற அனுமானத்தில் வந்தது. அந்த அனுமானத்தைக் காப்பாற்றத்தான் 1 அங்கே நிற்கிறது. 1-க்குப் பதில் 2 என்று தொடங்கியிருக்கலாம். அப்போது 7-க்குப் பதில் 8 வரும், விதி min(2, ε/8) ஆகும். அதுவும் சரியான விடைதான். மிகப் பெரிய δ-வைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேலை செய்யும் ஒன்று போதும்.

எழுதும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். இதுவரை செய்தது தேடல். முடிவிலிருந்து பின்னோக்கி வந்தோம். நிரூபணம் முன்னோக்கிப் போகும். ε > 0 ஒன்று கொடுக்கப்பட்டது என்று தொடங்க வேண்டும். δ = min(1, ε/7) என்று அறிவிக்க வேண்டும். பிறகு 0 < |x − 3| < δ என்று இருக்கும் ஏதேனும் ஒரு x-ஐ எடுத்து, |x + 3| < 7 என்று காட்டி, |x² − 9| < 7 · (ε/7) = ε என்று முடிக்க வேண்டும். பாடநூலில் ε/7 எங்கிருந்தோ திடீரென முளைத்ததுபோலத் தெரிவதற்குக் காரணம், தேடிய தாளை நூலாசிரியர் அச்சிடாமல் விட்டதுதான்.

வரிசை மாறினால்

'ஒவ்வொரு ε-வுக்கும் ஒரு δ உண்டு' என்பதை 'எல்லா ε-வுக்கும் பொருந்தும் ஒரே δ உண்டு' என்று மாற்றி எழுதினால் என்ன ஆகும்? பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நம் பட்டறையில் δ = 0.01 என்று எந்திரத்தைப் பூட்டிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ε = 0.1 என்றால் பிரச்சினை இல்லை. ε = 0.0001 என்று ஒருவர் வந்தால், பக்கம் 3.005 உள்ள தகட்டின் பரப்பு 9.030025, தேறாது. எந்த δ-வைப் பூட்டினாலும் இதே கதைதான். a-ஐச் சுற்றி மாறாமல் L என்ற ஒரே மதிப்பில் நிற்கும் சார்புகளுக்கு மட்டுமே அப்படி ஒரு δ கிடைக்கும். மற்ற எல்லாச் சார்புகளும் எல்லையை இழந்துவிடும்.

மறுபக்கம் திருப்பி, 'ஒவ்வொரு δ-வுக்கும் ஒரு ε உண்டு' என்று எழுதினால் வரையறை எதையும் தடுக்காது. x ஆனது 3-ஐ நெருங்கும்போது x²-இன் எல்லை 100 என்றுகூட நிரூபித்துவிடலாம். δ = 1 என்கிறீர்களா? ε = 100 என்று வைத்துக்கொள்ளலாம்; 4-க்கும் 16-க்கும் இடையில் உள்ள எல்லா எண்களும் 100-இலிருந்து 100-க்குள்தான் இருக்கின்றன. பொருளை வெட்டிக் கொடுத்த பிறகு டாலரன்ஸைத் தீர்மானித்தால் எல்லாத் தகடும் தேறும்.

இந்த வரிசை மாணவர்களை மட்டும் தடுக்கும் விஷயமன்று. தொடர்ச்சியான சார்புகளைக் கொண்ட ஒரு தொடர் ஒருங்கினால் அதன் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியாக இருக்கும் என்று கோஷி 1821 நூலில் எழுதினார். 1826-இல் நார்வேயின் இளம் கணிதவியலாளர் ஆபெல், sin x − (sin 2x)/2 + (sin 3x)/3 − ... என்ற தொடர் அதற்கு விலக்காக இருப்பதைச் சுட்டினார். −π-க்கும் π-க்கும் இடையில் அதன் கூட்டுத்தொகை x/2. x ஆனது இடப்புறமிருந்து π-ஐ நெருங்கும்போது அது π/2-ஐ நெருங்குகிறது. ஆனால் π என்ற புள்ளியில் ஒவ்வோர் உறுப்பும் 0, கூட்டுத்தொகையும் 0. எத்தனை உறுப்புகளைக் கூட்டினால் போதும் என்ற எண்ணை x-ஐப் பார்த்த பிறகு தேர்ந்தெடுக்கிறோமா, பார்க்கும் முன்பே எல்லா x-க்கும் பொதுவாகத் தேர்ந்தெடுக்கிறோமா என்ற வேறுபாடுதான் அந்தத் தேற்றத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது.

பாதிரியாருக்குப் பதில்

வரையறையில் 0 < |x − a| என்று ஒரு சிறு துண்டு இருக்கிறதே, அதைப் பலர் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். x ஆனது a-க்குச் சமமாக இருக்கக் கூடாது என்பது அதன் பொருள். பெர்க்லிக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

வகைக்கெழுக் கணக்கில் 6 + h-இன் எல்லை 6 என்று சொல்லும்போது நாம் h-ஐப் பூஜ்யமாக்கவே இல்லை. 0 < |h| < δ என்று இருக்கும் h மட்டுமே பேச்சில் வருகிறது. அதனால் h-ஆல் வகுத்தது செல்லும். விலகல் |6 + h − 6|, அதாவது |h|. ஆகவே δ = ε என்று வைத்தால் வேலை முடிந்தது. கணக்கின் எந்தக் கட்டத்திலும் h பூஜ்யமாகவில்லை. 6 என்பது h பூஜ்யமாகும்போது கிடைக்கும் மதிப்பு அன்று. H பூஜ்யமல்லாமல் இருக்கும்போதெல்லாம் எவ்வளவு வேண்டுமானாலும் அருகில் போகக்கூடிய எண்.

எல்லை இல்லை என்று எப்படிச் சொல்வது

இப்போது sin(π/x)-க்குத் திரும்பலாம். எல்லை உண்டு என்பதற்கு ஒவ்வொரு ε-வுக்கும் பதில் வேண்டும். இல்லை என்பதற்கு, பதிலே கிடைக்காத ஒரே ஓர் ε-வைக் காட்டினால் போதும்.

எல்லை ஏதோ ஓர் L என்று ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். நாம் ε = 1/2 என்கிறோம். அவர் எவ்வளவு சிறிய δ-வைக் கொடுத்தாலும், 1/n < δ என்று இருக்கும் ஒரு முழு எண் n-ஐ எடுக்க முடியும். x = 1/n என்ற புள்ளியில் மதிப்பு sin(nπ), அதாவது 0. x = 2/(4n + 1) என்ற புள்ளி 1/n-ஐவிடவும் சிறியது; அங்கே மதிப்பு 1. இரண்டு புள்ளிகளும் அவர் கொடுத்த δ-வுக்குள் இருக்கின்றன. ஆகவே 0, 1 இரண்டும் L-இலிருந்து 1/2-க்குக் குறைவான தூரத்தில் இருக்க வேண்டும். முதலாவது சரியென்றால் L ஆனது 1/2-ஐவிடச் சிறியது. இரண்டாவது சரியென்றால் L ஆனது 1/2-ஐவிடப் பெரியது. இரண்டும் ஒருசேர நடக்காது. எல்லை 0 அன்று, 1-உம் அன்று. எந்த எண்ணும் அன்று. எத்தனை பக்கம் அட்டவணை போட்டாலும் கிடைக்காத தீர்ப்பு நான்கு வரியில் கிடைத்துவிடுகிறது.

இந்த வரையறை செய்யாத வேலை

இந்த வரையறை எல்லையைக் கண்டுபிடித்துக் கொடுக்காது. L இன்னது என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். காரணிப்படுத்தியோ, வரைபடம் பார்த்தோ, அட்டவணை போட்டோ ஊகிக்கலாம். ஊகம் சரியா தவறா என்று சொல்வது மட்டுமே வரையறையின் வேலை. அதையும் ஒவ்வொரு கணக்குக்கும் செய்யத் தேவையில்லை. இரண்டு சார்புகளின் கூடுதலுக்கு எல்லை, பெருக்கலுக்கு எல்லை, வகுத்தலுக்கு எல்லை என்று நாம் தினமும் பயன்படுத்தும் விதிகள் ஒவ்வொன்றும் ஒரு முறை இந்த வரையறையைக் கொண்டு நிரூபிக்கப்பட்டவை. அதன் பிறகு அவற்றை நம்பி நேரடியாகக் கணக்குப் போடலாம்.

முதலாண்டு மாணவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். x²-க்கு முன்னால், 2x + 1 போன்ற நேர்கோட்டுச் சார்பில் தொடங்குங்கள்; x ஆனது 3-ஐ நெருங்கும்போது எல்லை 7, δ = ε/2 என்று ஒரே வரியில் முடியும். அங்கே வரிசை பழகிய பிறகு x²-க்கு வாருங்கள். ஒவ்வொரு நிரூபணத்தையும் எழுதி முடித்ததும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ε-வை நானே தேர்ந்தெடுத்துவிட்டேனா? δ-வுக்கான விதிக்குள் x நுழைந்துவிட்டதா? நான் காட்டியது எல்லா x-க்கும் பொருந்துமா, சில x-க்கு மட்டுமா? மூன்றுக்கும் சரியான பதில் இருந்தால் உங்கள் நிரூபணம் நிற்கும். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கரும்பலகையில் நிரூபணத்தை எழுதும் முன், δ-வைத் தேடிய கணக்கையும் பக்கத்திலேயே எழுதிக் காட்டுங்கள். மாணவர் கற்க வேண்டியது அந்தத் தேடலைத்தான்.